வா, வாரும், வாருங்கள்: விளம்பர விளியில் முதியோரும் இளையோரும்

சில ஆண்டுகளுக்கு முன், அச்சுக்குச் செல்லவிருந்த ஒரு துண்டறிக்கையின் தமிழ்ப் படியைப் பார்த்துத் தருமாறு நம்மிடம் கொடுத்தனர். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள மக்களை அழைக்கும் அறிக்கை அது. ஆங்கில மூலம் ஒன்றே. ஆனால் மூத்தோருக்கு ஒன்று, இளையோருக்கு ஒன்று எனத் தமிழில் இரண்டு படிகள் வேண்டியிருந்தன. மொழிபெயர்த்த இளைஞர் முதல் படியைத் 'தாத்தா, பாட்டி' என்றும், அடுத்ததை 'நண்பா' என்றும் தொடங்கியிருந்தார். எஞ்சிய வாசகம் இரண்டிலும் ஒன்றே. தலைப்பில் 'வாருங்கள்' என்றும், அடியிலிருந்த கட்டத்தில் 'பதிவு செய்' என்றும் அச்சாகியிருந்தது.

அப்படியை எழுபது வயது கடந்த ஒருவரிடம் காட்டினோம். முழுவதும் படித்துவிட்டு, "எழுதியவர் எனக்கு எந்த வழியில் பேரன்?" என்று கேட்டார். தடுப்பூசியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. விளிச்சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். அவர் நின்ற இடத்தின் வரலாற்றையே இவ்வுரையில் பார்க்க முற்படுகின்றோம்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இன்று ஒரே பெயர்தான் உண்டு. எனவே ஆங்கில மூலத்தை எழுதியவருக்கு இச்சிக்கல் எழவே இல்லை. மலாய் மொழியிலும் இந்தோனீசியத்திலும் முன்னிலைப் பெயர்கள் உறவையும் தகுதியையும் சுமந்து நிற்பவை. யாரென்று அறியாத வாசகரை விளிக்க அவை இடையூறாக இருந்தமையால், 1957இல் இந்தோனீசியாவில் 'அண்டா' என்னும் பொதுச்சொல்லைப் புதிதாகப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். இன்று நம் சாலைகளில் காணும் மலாய் விளம்பரங்களிலும் அச்சொல்லே நிற்கிறது. தமிழில் அவ்வாறு எவரும் புதுச்சொல் ஆக்கவில்லை. இருக்கும் சொற்களே காலந்தோறும் தேய்ந்தன. தேய்ந்தவற்றின் இடத்தைப் புதியவை நிரப்பின.

பழந்தமிழில் 'நீ' ஒருமை, 'நீயிர்' பன்மை. மதிப்புக்கெனத் தனிச்சொல் இல்லை. எனினும் ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது. அது மக்கள் வழக்கில் வரும் உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் குறிக்கிறது. நூலாசிரியர் அதை ஒதுக்கியும் வழக்கு ஒதுங்கவில்லை. 'நீயிர்' சுருங்கி 'நீர்' ஆயிற்று. பன்மைப் பொருளிலிருந்து நகர்ந்து ஒருவருக்குரிய மதிப்புச் சொல்லாயிற்று. பலரும் பலகாலம் வழங்கவே அதன் மதிப்புக் குறைந்தது. பிறகு 'கள்' ஏற்ற 'நீங்கள்' அவ்விடத்திற்கு வந்தது. இன்று பெரியவர் ஒருவரிடம் 'நீர் வாரும்' என்றால் அவர் முகம் சுளிப்பார். ஒருகாலத்தில் மதிப்பாயிருந்த சொல்லே இன்று ஒத்த வயதினரின் உரிமைப் பேச்சாகவோ நாடக வசனமாகவோ சுருங்கிவிட்டது. 'துப்பாதீர்' என்று பழைய அறிவிப்புப் பலகையில் படிக்கும் இளைஞருக்கு அது அதட்டலாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். எழுதியவர் அதட்ட நினைத்திருக்கமாட்டார்.

வினையின் கதை சற்று வேறு. 'வருக', 'வாழ்க' போன்ற வியங்கோள் முன்னிலைக்கும் தன்மைக்கும் பொருந்தாது என்பது தொல்காப்பிய விதி. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலோ அது எல்லா இடத்திற்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்கிறது. இடைப்பட்ட காலத்தில் வழக்கு விரிந்ததை நன்னூலார் ஏற்றுக்கொண்டார் என்றே நாம் கருதுகின்றோம். விளம்பரம் எழுதுவோருக்கு இது பெரும் வாய்ப்பு. 'வருக' என்ற சொல் கேட்பவரின் வயதையும் பாலையும் எண்ணையும் கேட்பதில்லை. 'வரவும்', 'கையொப்பமிடவும்' என்னும் அலுவலக வடிவமும் அப்படிப்பட்டதே. ஆயினும் இவற்றுக்கு விலை உண்டு. 'வருக' வரவேற்பு வளைவுக்குப் பொருந்தும். 'மறவாமல் ஊசி போட்டுக்கொள்க' என்றால் அறநூல் வாசகமாகிவிடும். 'போட்டுக்கொள்ளவும்' என்பதில் மதிப்புக் குறைவு இல்லை. ஆனால் பேசும் மனிதர் எவரும் அதில் இல்லை. படிவத்தை நிரப்பச் சொல்லும் முகப்பின் குரல் அது.

இனி நம் துண்டறிக்கைக்குத் திரும்புவோம். முதலில் விளிச்சொற்கள், முன்னிலைப் பெயர்கள், ஏவல்வினைகள் ஆகிய மூன்றையும் அடிக்கோடிட்டோம். அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தாலே பிழை தெரிந்துவிடும். இளையோர் படியில் 'நண்பா, உங்கள், வாருங்கள், பதிவு செய்' என்று வந்தது. தொடக்கத்தில் தோளில் கைபோட்டு, நடுவில் எழுந்து நின்று வணங்கி, முடிவில் கட்டளையிடும் ஒருவரின் பேச்சு இது. மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவானவர் அல்லர். வெவ்வேறு நாளில் வெவ்வேறு கட்டங்களை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தனர். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தது.

'நண்பா' என்ற ஒருமை விளியைத் தேர்ந்த உடனேயே 'வா' என்ற வினையையும் தேர்ந்துவிட்டோம் என்பதை எழுதுவோர் பலர் உணர்வதில்லை. அதோடு அச்சொல் ஆண்பாலையே அழைக்கிறது. இளம்பெண்கள் அழைப்பிற்கு வெளியே நிற்கின்றனர். 'நண்பர்களே' என்றால் இரு சிக்கலும் ஒருங்கே தீரும். பலரை அழைக்கும்போது 'வாருங்கள்' என்பது வெறும் பன்மை. அதில் நட்பும் குறையாது, மரியாதை மிகையும் இராது. இளையோரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற வழக்கே எழாமல் போகிறது. ஒருமையில்தான் நெருக்கம் உண்டு என்று விளம்பரத்துறை நண்பர்கள் வாதிடுவர். பாடலிலும் குறும்படத்திலும் அது உண்மை, ஏனெனில் அங்கே பேசுபவரின் முகம் தெரிகிறது. துண்டறிக்கையில் முகம் இல்லை.

மூத்தோர் படியில் உறவுச்சொல்லே இடறல். அண்டை வீட்டுப் பிள்ளை 'தாத்தா' என்றால் இனிக்கும். முன்பின் அறியாத அமைப்பு அவ்வாறு அழைத்தால், வயதைச் சுட்டிக் காட்டியதாக மட்டுமே படுகிறது. பேரன் பேத்தி இல்லாதவருக்கு அது இன்னும் கூரியது. 'முதியோரே' என்பதும் அவ்வாறே. பிறரைப் பற்றிப் பேசுகையில் பொருந்தும் சொல், நேரில் விளிக்கும்போது குத்துகிறது. 'ஐயா, அம்மா' என்பவை உறவு கொண்டாடாமல் மதிப்பை மட்டும் தருவன. எனவே அவற்றையே இட்டோம். வினைகள் அனைத்தையும் 'உங்கள்' பெயரோடு ஒத்துவருமாறு திருத்தினோம்.

இளையோர் படியில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. வீட்டுப் பெரியவரையும் அழைத்துவரும்படி அதில் ஒரு வரி உண்டு. 'உங்கள் பாட்டியை அழைத்து வாருங்கள். அவளுக்கும் இலவசம்' என்று வந்திருந்தது. விளிக்கப்படுபவர் இளையவர் என்ற நினைவில், பேசப்படுபவர் மூத்தவர் என்பது மறைந்துவிட்டது. முன்னிலையின் மதிப்பும் படர்க்கையின் மதிப்பும் தனித்தனிக் கணக்கு. 'அவருக்கும்' என்று மாற்றினோம்.

அடியில் இருந்த கட்டம் கடைசியாக எஞ்சியது. இரு படிக்கும் ஒரே கட்டம்தான் அச்சிட இயலும் என்றார்கள். 'பதிவு செய்' மூத்தோருக்கு ஆகாது; 'பதிவு செய்யுங்கள்' அச்சிறு கட்டத்தில் அடங்கவில்லை. 'பதிவு செய்ய' என்று எச்சமாக நிறுத்தினோம். வினை முடியாததால் அங்கே எவருக்கும் எவரும் ஏவலிடவில்லை. அதே வாசகத்தை வானொலிக்குக் கேட்டபோது மட்டும் அனைத்தையும் மாற்ற நேர்ந்தது. 'வாருங்கள்' செவிக்கு மேடைப்பேச்சாக ஒலித்தது. 'வாங்க' என்று எழுதிக் கொடுத்தோம். மூத்தோர் படிக்கும் இளையோர் படிக்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது.