எஞ்சும் நேரம்: ஷாட்டின் நீளத்தை முடிவு செய்வது எது?

படத்தொகுப்பு கற்றுத்தரும் இடங்களில் ஷாட்டின் நீளம் பெரும்பாலும் உணர்ச்சியோடு சேர்த்தே பேசப்படுகிறது. துயரம் என்றால் ஷாட் நின்று நிதானிக்க வேண்டும், சண்டை என்றால் வெட்டுகள் விரைய வேண்டும், பரந்த வெளிக்கு இத்தனை வினாடி, முகத்துக்கு இத்தனை வினாடி என்று கைக்கணக்குகள் உண்டு. பல நல்ல படங்களில் அவை பொருந்தியும் போகும். ஆனாலும் அந்தக் கணக்குகள் காரணத்தைச் சொல்வதில்லை. வெற்றுச் சுவர் ஆறு வினாடி திரையில் நின்றால் நெளியத் தொடங்குகிறோம். திருவிழாக் கூட்டம் அதே ஆறு வினாடி நின்றால் பாதி முகங்களைக்கூடப் பார்த்து முடித்திருக்க மாட்டோம். ஷாட்டின் நீளம் என்று நாம் உணர்வது அதைப் படித்து முடித்தபின் எஞ்சும் நேரத்தைத்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். மனநிலை பிறப்பதும் அந்த எச்சத்தில்தான். எவ்வளவு எஞ்சினால் அதிகம், எவ்வளவு எஞ்சினால் குறைவு என்பதை அந்தப் படமே தன் முந்தைய ஷாட்டுகளால் பார்வையாளருக்குப் பழக்கி வைக்கிறது.

திரைப்பட ஆய்வில் ஷாட்டின் நீளத்தை எண்ணிப் பார்க்கும் மரபை 1970களில் வலுவாகத் தொடங்கி வைத்தவர் பாரி சால்ட். படத்தின் ஓட்ட நேரத்தை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் கிடைக்கும். இந்த அளவைக் கொண்டு டேவிட் போர்ட்வெல் காட்டிய மாற்றம் பெரியது: 1930க்கும் 1960க்கும் இடைப்பட்ட ஹாலிவுட் படங்களில் சராசரி பெரும்பாலும் 8 முதல் 11 வினாடி; 1990களின் இறுதியில் அது 3 முதல் 6 வினாடிக்கு இறங்கிவிட்டது. தொழில் முழுவதும் எந்தத் திசையில் நகர்ந்தது என்று அறிய இந்த எண்கள் உதவுகின்றன. ஒரு காட்சியில் ஒரு ஷாட்டை எங்கே வெட்டலாம் என்று கேட்டால் அவற்றால் பதில் சொல்ல முடியாது. ஐந்து ஷாட்டுகள் கொண்ட இரண்டு காட்சிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் ஐந்தும் ஆறு ஆறு வினாடி. மற்றதில் நான்கு ஷாட்டுகள் இரண்டிரண்டு வினாடி, கடைசி ஷாட் 22 வினாடி. இரண்டிலும் மொத்தம் 30 வினாடி, சராசரி 6. முதல் காட்சி சீராக நடக்கிறது. இரண்டாவது நான்கு எட்டு வேகமாக வைத்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடுகிறது. பார்வையாளரைத் தொடுவது அந்த நிற்றல். அது வரிசையில் இருப்பதால் சராசரியில் அகப்படாது.

வரிசை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, சாந்தால் ஆக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மன், 23, கே து கொமர்ஸ், 1080 ப்ரூசெல்' படத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டம் 201 நிமிடம். ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்ட், படத்தொகுப்பு பத்ரீசியா கனினோ. மகனோடு பிரஸ்ஸல்ஸ் அடுக்ககத்தில் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள்தான் கதை. சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கட்டில் சரிசெய்கிறாள், பிற்பகலில் ஓர் ஆணை வீட்டுக்குள் அனுமதித்துப் பணம் பெறுகிறாள். கேமரா அசைவதே இல்லை. நெருக்கக் காட்சிக்கும் போவதில்லை.

முதல் நாளில் அவள் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்த சிறிது நேரத்தில் வாடிக்கையாளர் வருகிறார். இருவரும் படுக்கையறைக்குள் போகக் கதவு மூடுகிறது. உடனே ஒரு வெட்டு. நடைவழியில் வெளிச்சம் குறைந்திருக்கிறது, கதவு திறக்கிறது, அவர் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். வழக்கமான படம் நேரம் செலவிடும் நிகழ்ச்சியை ஆக்கர்மான் ஒரே வெட்டில் தாண்டிவிடுகிறார். வழக்கமான படம் தாண்டிவிடும் சமையலறை வேலைக்கு முழு நேரத்தையும் கொடுக்கிறார். முத்தமும் விபத்தும் மேலே, பாத்திரம் கழுவுவது கீழே என்று படிமங்களுக்குள் இருக்கும் படிநிலையைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். நீளம் இங்கே பொருளுக்கான மதிப்பீடாகவும் இருக்கிறது.

ஆனால் என் வாதத்துக்கு முக்கியமானது, இந்த முதல் நாள் பார்வையாளரைப் பழக்கும் விதம். அவள் பாத்திரம் கழுவும் ஷாட்டைப் படிக்கச் சில வினாடி போதும்: ஒரு பெண், தொட்டி, முதுகு. அதற்குப் பிறகு எஞ்சுவது நிமிடக் கணக்கு. முதலில் அலுப்பு வருகிறது. அப்புறம் கண் தானாக வேறு வேலை தேடுகிறது. எந்தத் துணியால் எதைத் துடைக்கிறாள், அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைக்கிறாளா, பணம் வைத்திருக்கும் சூப் கிண்ணத்தின் மூடி எங்கே இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறோம். அணைக்கும் சுவிட்சின் ஓசையும் காலடி ஓசையும் ஷாட்டுக்குள் ஒரு தாளத்தைப் போடுகின்றன. ஒரு மணி நேரத்தில் அவளுடைய ஒழுங்கு நமக்கு அத்துப்படி ஆகிவிடுகிறது. யாரும் அதை வசனத்தில் சொல்லவில்லை. ஷாட்டின் நீளம் கற்பித்தது.

இரண்டாம் நாள் பிற்பகலில் ஏதோ பிசகுகிறது. வாடிக்கையாளர் போன பிறகு கிழங்கு குழைந்துவிட்டிருக்கிறது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்கு அறை போகிறாள். தலைமுடி கலைந்திருக்கிறது, விளக்கு மறந்துபோகிறது, கிண்ணத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. பிறகு மேசையருகே உட்கார்ந்து புதிதாகக் கிழங்குகளின் தோல் சீவுகிறாள். இந்த ஷாட்டைத் தனியே எடுத்து ஒருவருக்குக் காட்டினால், ஒரு பெண் நெடுநேரம் கிழங்கு சீவுகிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் நாளைப் பார்த்தவருக்கோ அவள் கத்தி ஒரு கணம் தயங்குவதுகூட நிகழ்ச்சியாகிறது. ஆக்கர்மான் இதை அரை நிமிடத்தில் வெட்டியிருந்தால் கிழங்கை மறுபடி சீவுகிறாள் என்ற செய்தி மட்டும் வந்து சேர்ந்திருக்கும். தயக்கத்துக்கு எச்ச நேரம் தேவைப்பட்டது. அந்தத் தயக்கத்தை அடையாளம் காண முதல் நாளின் அளவும் தேவைப்பட்டது.

மூன்றாம் நாளில் அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்துவிடுகிறாள். எல்லா வேலையும் சீக்கிரம் முடிந்து, செய்ய எதுவும் இல்லாமல் நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை நீண்ட ஷாட்டுகளை வேலை நிரப்பியிருந்தது. இங்கே பாத்திரமும் இல்லை, கிழங்கும் இல்லை. படம் முழுவதும் பார்வையாளர் சுமந்துவந்த எச்ச நேரம் இப்போது அவளுடையதாகிவிடுகிறது. அதற்குப் பின் வரும் கொலை, கண்ணாடியில் தெரியும் பிம்பமாகக் காட்டப்படுகிறது, சமையலறைக்குக் கொடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால் மிகச் சுருக்கமாக. கடைசி ஷாட்டில் இருட்டில் மேசையருகே அவள் உட்கார்ந்திருப்பது ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. கொலை என்றால் வேகம் என்ற கைக்கணக்கு இந்தப் படத்தில் தலைகீழாக நிற்கிறது. ஆனாலும் அதிர்ச்சி குறையவில்லை. மூன்று மணி நேரமாகப் பழகிய அளவை அந்தச் சுருக்கம் உடைத்துவிடுகிறது, அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான படம் என்று யாரும் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) சொல்வார்கள். ஜார்ஜ் டொமாசினி தொகுத்த குளியலறைக் காட்சியில் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் உண்டு. கத்தி விழும் ஷாட்டுகள் ஒவ்வொன்றையும் படித்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. எச்சம் சுழியத்துக்கும் கீழே இறங்குகிறது. திரையில் அநேகமாக இல்லாத காயங்களைப் பார்த்ததாகப் பலரும் சொல்வதற்கு இதுவே காரணம்: படிக்க முடியாததை மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதே காட்சியின் முடிவில், இறந்தவளின் அசையாத கண்ணிலிருந்து கேமரா மெல்லப் பின்வாங்குவது மிக நீண்ட ஷாட். முன்னால் அந்தச் சிதறல் இல்லாவிட்டால் அது வெறும் கேமரா நகர்வாகத் தெரிந்திருக்கும். ஆக, வேகத்துக்குப் பேர்போன காட்சியிலும் வேலை செய்வது அளவும் அதன் முறிவுமே.

படிக்கும் நேரம் ஃப்ரேமுக்குள் எத்தனை பொருள்கள் கிடக்கின்றன என்பதை மட்டும் பொறுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்து, இயக்கிய 'வீடு' (1988) படத்தில் முதியவரான சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்கப் போகும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பூசாத சுவர்கள், வெற்று அறைகள். கதை தெரியாதவர் கண்ணுக்கு இவை சட்டென்று தீர்ந்துவிடும். பேத்தி பட்ட கடனையும், அலைந்த அலைச்சலையும் அதுவரை பார்த்து வந்தவருக்கு ஒவ்வொரு சுவரும் படிக்கப் படிக்க நீள்கிறது. முதியவர் சுவரைத் தடவும்போது நாமும் அந்தக் கணக்கையெல்லாம் தடவுகிறோம். அதே ஷாட்டுகளைப் படத்தின் முதல் கால் மணியில் அதே நீளத்தில் வைத்திருந்தால் தாங்கியிருக்காது. தொகுப்பு மேசையில் ஷாட்டைத் தனியே ஓட்டிப் பார்த்து நீளத்தை முடிவு செய்பவர்கள் தவறுவது இங்கேதான். காட்சியின் தொடக்கத்திலிருந்து, முடிந்தால் அதற்கும் முந்தைய காட்சியிலிருந்து ஓட்டி வந்து பார்த்தால்தான் நீளம் தெரியும்.

வெட்டும் இடத்தைத் தேர்வதில் வால்டர் மர்ச் தன் நூலில் சொல்லும் முறை எளிமையானது. ஷாட்டை அதன் உண்மையான வேகத்தில் ஓட்டி, இங்கே முடிய வேண்டும் என்று தோன்றும் கணத்தில் நிறுத்துகிறார். அந்த ஃப்ரேமைக் குறித்துக்கொண்டு மறுபடி ஓட்டி நிறுத்துகிறார். இரண்டு முறையும் அதே ஃப்ரேமில் நின்றால் வெட்டு அங்கே. வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகையில் ஒரு ஃப்ரேம் வினாடியின் 24இல் ஒரு பங்கு. அதைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது, உடல்தான் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் கை வேறு வேறு இடத்தில் நின்றால், ஷாட் எதற்காக அங்கே இருக்கிறது என்று தொகுப்பாளருக்கு இன்னும் தெளிவில்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது நீளத்தோடு மல்லாடுவதில் பயனில்லை. ஷாட்டின் இடத்தையே மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மர்ச்சின் கை நிற்பது படித்து முடித்த கணத்தில் அல்லது அதற்குச் சற்றுப் பின்னே. ஆக்கர்மானின் நீளங்கள் அந்தக் கணத்தை நெடுந்தொலைவு தாண்டியவை. உடல் 'போதும்' என்று சொன்ன பிறகே அவருடைய ஷாட் தன் வேலையைத் தொடங்குகிறது. இன்னொரு சிக்கல், தொகுப்பாளர் அந்த ஷாட்டை நூறு முறை பார்த்தவர். அவருக்குப் படிக்க எதுவும் மிச்சமில்லாததால் எல்லாமே நீளமாகத் தோன்றி, தேவைக்கு மேல் இறுக்கிவிடுவார். சில நாள் விட்டுவிட்டுப் பார்ப்பதும், படத்தை முன்பு பார்க்காத ஒருவரை அருகில் உட்காரவைத்து அவர் எங்கே அசைகிறார் என்று கவனிப்பதும் இதற்கான வழிகள். வசனத் தலைப்போடு படம் போகுமானால் கணக்கு மறுபடி மாறும். கண் கீழே எழுத்தைப் படிக்கும் நேரம் முகத்தைப் படிக்கும் நேரத்திலிருந்து கழிகிறது. மூல மொழி அறிந்தவருக்கு எச்சம் தந்த ஷாட், வேற்று மொழியாளருக்கு எச்சமே இல்லாமல் முடிந்துபோகலாம். வேற்று மொழிப் படம் ஒன்றின் வேகத்தைப் பற்றித் தமிழில் எழுதும் நாம், அதை மூல மொழியிலா வசனத் தலைப்பிலா எதில் பார்த்தோம் என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.