நியாயமான தகவமைப்பு

பொருள்: ஊனமுள்ள ஒருவர் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்க, அவருடைய தேவைக்கேற்பச் செய்துதரும் மாற்றம். அளவுக்கு மீறிய சுமையாகாதவரை அதைச் செய்துதருவது கடமை.

தோற்றம்: இச்சொல் முதலில் சமயம் சார்ந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யாத தொழிலாளரின் நம்பிக்கைக்கு முதலாளி இடம்தர வேண்டும் என்று 1972இல் அமெரிக்கச் சட்டம் சொன்னது. பின்னர் ஊனமுற்றோர் உரிமைக்கு வந்து, 2006இல் ஐ.நா. உடன்படிக்கையிலும் 2016இல் இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றது.

வழக்கு: எழுதும்போது கைத்தசை இறுகும் குறையுள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஓர் உதவியாளரைக் கேட்டார். 40 விழுக்காடு ஊனம் இல்லை என்று மறுத்தார்கள். அவருக்கு அந்த உரிமை உண்டென்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவுகோல். தகவமைப்புக்கு அது நிபந்தனை அல்ல.

இந்த அளவுகோலின் பின்னுள்ள மருத்துவ நோக்கு, உடலில் எவ்வளவு குறை என்று அளக்கிறது. தகவமைப்பின் பின்னுள்ள சமூக நோக்கு, எந்தத் தடை இவரைப் பங்கேற்க விடாமல் செய்கிறது என்று கேட்கிறது. சான்றிதழின் எண்ணைக் காட்டி உங்களுக்குத் தகவமைப்பை மறுத்தால், இத்தீர்ப்பைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள்.