பைபேக்கும் ஈவுத்தொகையும்: 2024 வரிவிதி மீது ஒரு விமர்சனம்

லாபத்தைப் பங்குதாரர்களிடம் சேர்க்க நிறுவனத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஈவுத்தொகை கொடுத்தால் பணமும் வரும், பங்கும் கையில் இருக்கும். பைபேக்கில் பணம் வேண்டுமானால் பங்கை ஒப்படைத்தாக வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் இரண்டுமே கையிருப்பிலிருந்து வெளியேறும் பணம்தான். பங்குதாரருக்கோ ஒன்று வருமானம், மற்றது விற்பனை. இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல் அமலான விதி இந்த வேறுபாட்டை மறந்துவிட்டது என்பதே என் வாதம்.

அந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கு, வாங்குபவரே தம் வருமான வரி விகிதப்படி வரி கட்டினார். பைபேக்கில் நிறுவனம் சுமார் 23.3 சதவீதம் கட்டியது. பங்குதாரருக்கு வரியே இல்லை. உயர் வரி விகிதத்தில் இருந்த புரமோட்டர்களுக்கு இது வசதியான வழி. அதை அடைக்க, பைபேக் தொகை முழுவதையும் ஈவுத்தொகையாகக் கருதினார்கள். பங்கை வாங்கிய விலை மூலதன இழப்பானது. அதை எட்டு ஆண்டுகள் வரை பிற்கால மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பரில் இன்ஃபோசிஸ் பங்குக்கு 1,800 ரூபாய் விலையில் 18,000 கோடி ரூபாய்க்கு பைபேக் நடத்தியது. ஒருவர் அந்தப் பங்கைச் சில ஆண்டுகளுக்கு முன் 1,500 ரூபாய்க்கு வாங்கியிருந்ததாகக் கொள்வோம். அவருடைய உண்மையான லாபம் 300 ரூபாய். அவர் 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ், சர்சார்ஜ் நீங்கலாகவே, 1,800க்கு 540 ரூபாய் வரி. லாபத்தைவிட வரி அதிகம்! 1,500 ரூபாய் இழப்பை முழுதும் பயன்படுத்தினாலும், 12.5 சதவீத நீண்டகால ஆதாய வரியில் அவருக்கு மிச்சமாவது 187.50 ரூபாய்தான், நிகர வரி 352.50. அதே 1,800க்குச் சந்தையில் விற்றிருந்தால் வரி 37.50 மட்டுமே. அந்த பைபேக்கில் புரமோட்டர்கள் பங்கேற்காதது வியப்பில்லை.

எதிர்முனையில், புதிய வரிமுறையில் ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு முதலீட்டாளருக்கு, தள்ளுபடியால் அந்தத் தொகைக்கு வரி இருக்கவில்லை. கழிக்க 1,500 ரூபாய் இழப்பும் கிடைத்தது. லாபம் ஈட்டியவருக்கு ஏட்டில் நஷ்டம் எழுதித் தந்த விதியை நியாயப்படுத்த முடியாது.

2026 பிப்ரவரி பட்ஜெட் பைபேக்கை மீண்டும் மூலதன ஆதாயமாக்க முன்மொழிந்தது. புரமோட்டர்களுக்குக் கூடுதல் வரி சேர்த்து, நிறுவனமானால் மொத்தம் 22 சதவீதம், மற்றவர்களுக்கு 30 சதவீதம். பைபேக்கா ஈவுத்தொகையா என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைத் தனியே பிரித்தது சரியான திருத்தம். சாதாரண முதலீட்டாளருக்குக் கைக்கு வந்த லாபம்தான் வரிக்கு உரியது.

பழைய விதிப்படி பங்கைக் கொடுத்தவர்கள், வாங்கிய விலையை இழப்பாகக் காட்டி, வரிக்கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். கெடு கடந்தால் அந்த இழப்பை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல முடியாது.