செல்ஃப் டேப்பிங், செல்ஃப் டிரில்லிங்

மரை வெட்டும் கருவிக்குப் பட்டறையில் ‘டேப்’ என்று பெயர். ஆகவே ‘செல்ஃப் டேப்பிங்’ என்றால் தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொள்ளும் திருகு. ஓட்டை போடுமா என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. நுனியிலேயே சிறு டிரில் பிட் கொண்டது ‘செல்ஃப் டிரில்லிங்’. அதுவும் மரை வெட்டுவதால் அதுவும் ஒரு டேப்பிங் திருகுதான். கடையில் இரண்டையும் எதிரெதிராகச் சொல்வதுதான் குழப்பம்.

அம்பத்தூரில் ஒரு ஷெட்டுக்குள் ஜிப்சம் போர்டு வைத்து ஆபீஸ் அறை தடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டட் 0.5 மி.மீ. தகடு. இதற்குக் கூர்முனைத் திருகு போதும்; அது தகட்டைக் குத்தி விலக்கி நுழைவதால் ஓட்டையின் விளிம்பு மடங்கி, மரை பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் உலோகம் கிடைக்கிறது. டிரில் நுனியோ அதைச் சீவி எறிந்துவிடும். பிறகு திருகு இறுகாமல் சும்மா சுற்றினால் மரை போய்விட்டது என்று அர்த்தம்.

அதே ஷெட்டின் கூரையில் கதை வேறு. 2 மி.மீ. பர்லின்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், 0.5 மி.மீ. ஷீட்டையும் சேர்த்தால் 4.5 மி.மீ. அங்கே கூர்முனை வழுக்கும், டிரில்லிங்தான் வேண்டும். டிரில் நுனியின் நீளம் அந்த 4.5-ஐத் தாண்டியிருக்க வேண்டும். குறைந்தால், துளை முடியுமுன்பே மரை மேல் தகட்டைக் கவ்வி இழுக்கும். திருகு முறியும், அல்லது தகடுகளுக்கிடையே இடைவெளி விழும்.