பழைய ஒயிலும் நமது கிணறுகளும்

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. மெல்லிய மண் படைக்குக் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருப்பதால், மேலே ஊற்றப்படுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடுகின்றது. மன்னார், கற்பிட்டி, காத்தான்குடி போன்ற மணற்பாங்கான கரையோரங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவு ஒயிலால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், அந்நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை நாம் மறந்துவிடலாகாது.

அது பெரிய நிறுவனமொன்றின் செயல். ஆனால் நமது வளவுகளில் நடப்பது என்ன? மோட்டார் சைக்கிளின் ஒயிலை வீட்டிலேயே மாற்றுவோர் பலர். கறுத்துப்போன பழைய ஒயிலைக் கறையானுக்கென வேலிக் கட்டைகளின் அடியில் ஊற்றுகின்றோம். புழுதி எழாதிருக்க முற்றத்தில் தெளிக்கின்றோம். இல்லையேல் வீதியோர வடிகானில் கொட்டுகின்றோம். இயந்திரத்தினுள் ஓடி முடிந்த ஒயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிதலினால் உண்டாகும் நச்சுச் சேர்மங்களும் கலந்துள்ளன. அடுப்பில் எரித்தாலும் அவை புகையோடு வெளியேறி நமது சுவாசத்திலேயே சேரும்.

இதனை ஒழுங்காகச் செய்வது கடினமன்று. ஏறத்தாழ 1 லீற்றர் ஒயில் கொள்ளும் மோட்டார் சைக்கிளொன்றை எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, கீழே பொலித்தீன் விரிப்பையும் அதன்மேல் பழைய கடதாசி மட்டையையும் இடவேண்டும். இயந்திரத்தை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளகி முழுமையாக வடியும். கை சுடுமளவிற்குச் சூடாக்கலாகாது. அகன்ற பேசின் ஒன்றை வைத்து அடைப்பைக் கழற்றி, கால் மணி நேரம் வடியவிடவேண்டும். கழற்றிய ஒயில் பில்டரை வாய் கீழாகக் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் எஞ்சியதும் வந்துவிடும். பின்னர் புனல் கொண்டு, புதிய ஒயில் வந்த அதே கலனில் ஊற்றி இறுக மூடிவிடலாம். அளவு பொருந்துவதுடன், உள்ளே இருப்பது எதுவென்பதும் வெளியே தெரியும். குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றலாகாது. தரையில் சிந்தினால் மரத்தூள் அல்லது உலர்ந்த மணலைத் தூவி, ஊறியபின் கூட்டி அள்ளவேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் ஒயில் மறைவதில்லை; வடிகானுக்குப் போய்ச் சேருகின்றது.

காரின் கூலன்ட் வேறு வகை ஆபத்து. அதில் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் உண்டு. நிறமும் இனிப்புச் சுவையும் கொண்ட இத்திரவம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்க வல்லது. முற்றத்தில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கும். சிறு பிள்ளைகளும் வாயில் வைக்கக்கூடும். இயந்திரம் முற்றாக ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும். வடித்ததை வேறொரு கலனில் அடைத்துப் பெயரெழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவேண்டும். மலசலகூடக் குழியில் ஊற்றுவது தீர்வாகாது. அக்குழியும் கிணறும் ஒரே வளவில்தானே இருக்கின்றன!

கூலன்டையோ பெற்றோலையோ ஒயிலுடன் கலந்துவிட்டால் அதனை ஏற்பார் அரிது. வடித்த ஒயில் பாற்கோப்பி நிறமாக இருந்தால், இயந்திரத்தினுள்ளேயே நீரோ கூலன்டோ கலந்துள்ளதென்று பொருள். அதனைத் தனியே வைத்து, வண்டியையும் திருத்துநரிடம் காட்டவேண்டும்.

சேர்த்ததை எங்கே கொடுப்பது? கழிவு ஒயிலைச் சேகரிப்போர் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே கராஜில் கொடுக்குமுன், “இதை யார் வந்து எடுக்கிறார்கள்?” என்று கேட்பது நமது உரிமை. கூரையின் கீழ், சீமெந்துத் தரையில், மூடிய பீப்பாயில் சேர்க்கும் இடமே நம்பத்தக்கது. பீப்பாயைச் சுற்றி நிலம் கறுத்திருந்தால் வேறிடம் நாடுவதே நன்று. கூலன்டை எல்லாக் கராஜ்களும் ஏற்பதில்லை; எனவே வடிக்குமுன் விசாரிக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவதாகையால், அதனைக் கராஜிலேயே மாற்றுவிப்பது உத்தமம்.

கிணற்று நீரில் வானவில் போன்ற படலம் தெரிந்தால் சிறிது நீரை வாளியில் அள்ளி, குச்சியால் கீறிப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தை உண்ணும் பற்றீரியாவின் படலம். மீண்டும் ஒன்றுகூடினால் ஒயில் என்றே ஐயுறவேண்டும். கொதிக்கவைப்பதால் அது நீங்காது. அந்நீரைக் குடிப்பதை நிறுத்திப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும். ஒரு முறை கீழே இறங்கிய ஒயிலை மீட்டெடுக்க எவராலும் எளிதில் இயலாது. அதனைக் கலனில் அடைப்பதோ கால் மணி நேர வேலை.