சாஃப்ட்மேக்ஸ் – குறுக்கு என்ட்ரோபி இணைப்பு

சாஃப்ட்மேக்ஸ், நரம்பியல் வலையமைப்பின் கடைசி அடுக்கு தரும் லாஜிட்டுகளை நிகழ்தகவுகளாக்கும் சார்பு. ஒவ்வொரு லாஜிட்டுக்கும் exp(z) கண்டு, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். போல்ட்ஸ்மான், கிப்ஸ் ஆகியோரின் புள்ளியியல் இயற்பியலில் இதே வடிவம் முன்பே உண்டு. சாஃப்ட்மேக்ஸ் என்ற பெயர், பேச்சுணர்தல் துறையில் இருந்த ஜான் பிரிடில் 1989 வாக்கில் எழுதிய கட்டுரைகளில் வருகிறது.

தாளில் குறையில்லாத இந்தச் சூத்திரம் கணினியில் தடுக்கி விழும். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணின் உச்சம் சுமார் 3.4 × 10³⁸. ஆகவே z 89 ஆனாலே exp(z) முடிவிலியாகிவிடும். 16 பிட்டில் 12 போதும். எல்லா லாஜிட்டுகளிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் விடை மாறாது என்பதால், மிகப்பெரிய லாஜிட் m-ஐ முதலில் கழித்துவிடுவது வழக்கமாயிற்று. அதன்பின் மிகப்பெரிய அடுக்கு 0. கூட்டுத்தொகையும் 1-க்குக் குறையாது.

ஆனால் இது பாதித் தீர்வுதான். லாஜிட்டுகள் 0, 120 என்றும், சரியான வகுப்பு முதலாவது என்றும் கொள்வோம். கழித்த பிறகு முதல் வகுப்புக்குக் கிடைப்பது exp(−120). 32 பிட்டில் அது வெறும் 0. குறுக்கு என்ட்ரோபி அதற்கு மடக்கை எடுக்கும்போது இழப்பு முடிவிலியாகிறது. பின்பரவலில் முடிவிலியும் 0-உம் பெருக்கப்பட்டு NaN பிறக்கிறது. இதைத் தடுக்க நிகழ்தகவை 10⁻¹⁰-க்குக் கீழே போகாமல் நிறுத்துவோர் உண்டு. அது இன்னும் மோசம் என்றே சொல்ல வேண்டும்: இழப்பு 23 என்று ஒழுங்காகத் தெரியும், சாய்வோ 0. மிகத் தவறாகக் கணித்த எடுத்துக்காட்டிலிருந்துதான் வலையமைப்பு எதையும் கற்காது.

சாஃப்ட்மேக்ஸையும் குறுக்கு என்ட்ரோபியையும் ஒரே செயலாக்கினால் நிகழ்தகவைத் தனியே கணிக்கவே வேண்டாம்:

```
loss = m + log(sum(exp(z - m))) - z[y]
```

மேற்கண்ட கணக்கில் இது 120 + 0 − 0 = 120. y-ஐ ஒன்-ஹாட் வெக்டராகக் கொண்டால் சாய்வும் p − y என்று சுருங்குகிறது: −1, 1. 0-ஆல் வகுத்தலும் இல்லை, முடிவிலியும் இல்லை.

கஃபே நூலகம் இதை `SoftmaxWithLoss` என்ற ஒரே அடுக்காகத் தந்தது. 2015-இல் வெளியான டென்சர்ஃப்ளோ `softmax_cross_entropy_with_logits` சார்பைத் தந்தது; ஆயினும் அதன் தொடக்கநிலைப் பாடம் சாஃப்ட்மேக்ஸுக்கு நேரடியாக மடக்கை எடுத்துக் காட்டியது. அம்முறை நிலையற்றது என்ற குறிப்பு பின்னர் அந்த நிரலிலேயே சேர்ந்தது. பைடார்ச்சின் `CrossEntropyLoss` லாஜிட்டுகளையே எதிர்பார்க்கிறது.

இந்த இணைப்பே புதுப் பிழைக்கும் இடம் தந்தது. வலையமைப்பின் முடிவில் சாஃப்ட்மேக்ஸ் வைத்துவிட்டு அதன் வெளியீட்டை `CrossEntropyLoss`-க்குக் கொடுத்தால் சாஃப்ட்மேக்ஸ் இருமுறை நடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பயிற்சி மட்டும் மந்தமாகும். 10 வகுப்புகள் என்றால், எல்லா விடையும் சரியானாலும் இழப்பு log(e + 9) − 1, அதாவது சுமார் 1.46-க்குக் கீழே இறங்காது. அந்த எண்ணருகே வரைபடம் படுத்துக்கொண்டால் கடைசி அடுக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.