போர்க்காலத்தில் சுறா ஏன் பெருகியது?

இன்னிக்கு கதை ஒரு மீன் மார்க்கெட்டில் தொடங்குது. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் ஃபியூமே என்ற துறைமுகம். இப்போ அது குரோஷியாவில் இருக்கு, பெயர் ரியேகா. உம்பெர்த்தோ தன்கோனா என்ற இத்தாலிய கடல் உயிரியலாளர், முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த மார்க்கெட்டின் பழைய கணக்குகளைப் புரட்டினார். வந்து இறங்கிய மீனில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு 1914-ல் சுமார் 12 சதவீதம். 1915-ல் 21. 1918-ல் 36. போர் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பியதும் இறங்க ஆரம்பித்து, 1923-ல் 11-க்கும் கீழே வந்துவிட்டது.

போரில் மீன்பிடி குறைந்தது, அதனால் மீன் பெருகியது என்றால் சரி. ஆனா சின்ன மீனையும் யாரும் பிடிக்கலையே? லாபம் ஏன் சுறாவுக்கு மட்டும்? தன்கோனா இந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்டார். அவருடைய மாமனார் வீட்டோ வோல்ட்டெரா, அந்தக் காலத்தின் பெரிய கணிதவியலாளர். 1926-ல் வோல்ட்டெரா வெளியிட்ட பதிலின் சாரம் இரண்டே வரி. (அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா இதே சமன்பாடுகளைத் தனியாக, கொஞ்சம் முன்னாடியே எழுதியிருந்தார். அதனால்தான் இரண்டு பெயரும் சேர்ந்து வருது.)

```
dx/dt =  a·x − b·x·y
dy/dt = −c·y + d·x·y
```

x இரை, நாம மத்தி மீன் என்று வைத்துக்கலாம். y சுறா. சுறா இல்லாவிட்டால் மத்தி a வேகத்தில் பெருகும். மத்தி இல்லாவிட்டால் சுறா c வேகத்தில் குறையும். இரண்டும் எவ்வளவு அடிக்கடி சந்திக்கும் என்பதுதான் x·y. மத்தியும் இரட்டிப்பு, சுறாவும் இரட்டிப்பு என்றால் சந்திப்பு நான்கு மடங்கு. நேரியல் தன்மை உடையும் இடம் அதுதான்.

எண்ணிக்கை மாறாமல் நிற்கும் புள்ளி எது? இரண்டு வரியையும் பூஜ்யம் ஆக்கினால், இரண்டுமே அழிந்த நிலை ஒன்று. இன்னொன்று y = a/b, x = c/d. கொஞ்சம் நின்று பாருங்க: சுறா எத்தனை என்பதை மத்தியின் பெருக்கம் தீர்மானிக்குது. மத்தி எத்தனை என்பதை சுறாவின் இறப்பு தீர்மானிக்குது.

அந்தப் புள்ளியில் இல்லாவிட்டால் எண்ணிக்கை அதைச் சுற்றி வரும். மத்தி பெருகும், பின்னாடியே சுறா பெருகும், மத்தி சரியும், பட்டினியில் சுறாவும் சரியும், மறுபடி மத்தி. இங்கே வோல்ட்டெரா செய்ததுதான் எனக்குப் பிடித்த படி. முதல் வரியை x-ஆல் வகுத்தால், இடப்பக்கம் log x மாறும் வேகம், வலப்பக்கம் a − b·y. ஒரு முழுச் சுற்று முடிந்தால் x பழைய இடத்துக்கே வந்திடும், மொத்த மாற்றம் பூஜ்யம். அப்போ y-யின் சராசரி சரியாக a/b. சுற்று பெரிசோ சின்னதோ, சராசரி சமநிலைப் புள்ளியேதான்.

இப்போ வலை போடுவோம். மீன்பிடி இரண்டையும் ஒரே வேகத்தில் எடுக்குது என்று வைத்தால், a குறையும், c கூடும். a = 1, b = 0.1, c = 0.5, d = 0.02 என்று நானே எண்கள் வைத்துப் பார்த்தேன். வலை இல்லாமல் மத்தி 25, சுறா 10. வலை 0.2 வேகத்தில் எடுத்தால் மத்தி 35, சுறா 8. மீன் பிடிக்கப் பிடிக்க மத்தியின் சராசரி கூடுது! சுறாவின் பங்கு 29-லிருந்து 19 சதவீதமாக இறங்குது. போர் இதைத் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இதை முதல்முறை கோடில் ஓட்டியபோது என் சுற்று ஒவ்வொரு தடவையும் பெரிசாகிக்கிட்டே போச்சு. கடல் வெடிக்கப் போகுது என்று நினைத்தேன். தப்பு கடலில் இல்லை, நான் போட்ட எளிய ஆய்லர் முறையில். இந்தச் சமன்பாட்டில் `d·x − c·ln x + b·y − a·ln y` மாறவே கூடாது. அது ஏறினால் உங்க கோடு பொய் சொல்லுது.

மாடலும் கொஞ்சம் பொய் சொல்லும். மத்திக்கு இடமும் உணவும் ஒரு அளவுதான் என்று ஒரு சின்ன உறுப்பைச் சேர்த்தாலே, சுற்று மெல்லச் சுருண்டு சமநிலைக்குள் விழுந்திடும். மார்க்கெட் கணக்கு கடலின் கணக்கும் இல்லை. இன்னொன்று: என் எண்களில் ஒரு சுற்றுக்கு, ஆண்டுக் கணக்கில் வைத்தால், சுமார் 9 ஆண்டு ஆகும். போர் நடந்தது நாலு ஆண்டுதான். சராசரி விதி முழுச் சுற்றுக்குத்தானே? வலையை நிறுத்தி 35, 8-லிருந்து ஓட்டினால், சுறா 10-ல் நிற்காமல் 13.7 வரை போகுது, அந்த நேரத்தில் அதன் பங்கு 35 சதவீதம். அப்போ 1918-ன் அந்த 36, புதிய சராசரி இல்லாமல் வழியில் வந்த ஒரு உச்சமாகவும் இருந்திருக்கலாம்.